கூலி தெரிந்தவர்களை வைத்து மட்டும் கணக்கிடலாமா? ஓ.எல்.எஸ். முறையும் ஹெக்மனின் இரண்டு படி முறையும்

பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பைக் கொண்டு, பெண்கள் ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் கூலி எவ்வளவு உயர்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் கூலி உண்டு. மற்றவர்களுக்கு அந்தக் கட்டம் காலி. காலியானவற்றை ஒதுக்கிவிட்டு ஓ.எல்.எஸ். என்னும் சாதாரண மீச்சிறு வர்க்க முறையை ஓட்டலாம், அல்லது பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் 1979-இல் விளக்கிய இரண்டு படி முறைக்குப் போகலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஓ.எல்.எஸ். எளிது, விரைவானது. கூலி வாங்குகிறவர்களை விவரிப்பது மட்டுமே நோக்கம் என்றால் அதுவே போதும். எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும் படிப்பின் பலன் வேண்டும் என்னும்போதுதான் அது தடுமாறுகிறது.

காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஐந்தாம் வகுப்பு படித்தவர்களில் 20 சதவீதமும், பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களில் 50 சதவீதமும் வேலைக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். படிப்புக் குறைவாக இருந்தும் வீட்டை விட்டு வேலைக்குப் போகிறவர், பெரும்பாலும் கைத்திறனோ ஆள் பழக்கமோ கூடுதலாக உள்ளவர். அதனால் நல்ல கூலி கிடைக்கிறது, அதனால் போகிறார். அந்தத் திறன் நம் படிவத்தில் இல்லை. ஆக, ஐந்தாம் வகுப்புக் குழுவில் கூலி தெரிந்தவர்கள் அந்தக் குழுவின் சராசரிப் பெண்கள் அல்லர்.

இந்தத் தேர்வின் கடுமையை அளப்பதுதான் தலைகீழ் மில்ஸ் விகிதம் என்னும் லாம்டா. வேலைக்குப் போகும் வாய்ப்பு 20 சதவீதமானால் அது 1.40, 50 சதவீதமானால் 0.80. கூலியின் மடக்கையில் இதன் கெழு 0.25 என்று கொண்டால், முதல் குழுவின் கூலி 0.35-உம், இரண்டாவதன் கூலி 0.20-உம் மேலே தூக்கிக் காட்டப்படும். உண்மை வித்தியாசம் 0.56 என்று வையுங்கள், அதாவது ஏழு வருடப் படிப்பில் வருடத்துக்கு 0.08. ஓ.எல்.எஸ். காண்பது 0.41, வருடத்துக்கு 0.06-க்கும் சற்றுக் குறைவு. ஹெக்மனின் பார்வையில் இது விடுபட்ட மாறியின் சிக்கல், விடுபட்டது லாம்டா. எனவே முதல் படியில், வேலைக்குப் போகாதவர்களையும் சேர்த்து, வேலைக்குப் போகும் வாய்ப்பை மதிப்பிடும் ப்ராபிட் ஓட்டி ஒவ்வொருவருக்கும் லாம்டாவைக் கணக்கிடுகிறோம். இரண்டாம் படியில் அதைக் கூலிச் சமன்பாட்டில் சேர்க்கிறோம். ஸ்டேட்டா என்னும் புள்ளியியல் மென்பொருளில் ஒரே வரி:

```
heckman lwage educ exper, select(work = educ exper kid6 elder) twostep
```

இரண்டு படிகளையும் கையால் ஓட்டினால் இரண்டாம் படியின் திட்டப்பிழைகள் தவறாக வரும், ஏனென்றால் லாம்டாவே மதிப்பிடப்பட்ட எண். இந்தக் கட்டளை அதைத் திருத்திவிடுகிறது.

முறை உருப்படுமா உருப்படாதா என்பதைத் தீர்மானிப்பது அந்த வரியின் கடைசி இரண்டு மாறிகள். வேலைக்குப் போவதைப் பாதிக்கவேண்டும். கூலியை நேரடியாகத் தொடக்கூடாது. அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் கணினி விடை தரும். ஆனால் வாய்ப்புகளின் நடுப்பகுதியில் லாம்டா ஏறத்தாழ நேர்கோடாக இறங்குவதால், படிப்பையும் அதையும் பிரித்தறிய முடியாது. திட்டப்பிழை பெருகும், ஒரு மாறியைச் சேர்த்தாலோ எடுத்தாலோ படிப்பின் கெழு தாவும். லாம்டாவையே கூலிச் சமன்பாட்டின் மற்ற மாறிகள் மீது ஓட்டிப் பாருங்கள். ஆர்-வர்க்கம் ஒன்றை நெருங்கினால் அந்தத் திருத்தத்தை நம்பவேண்டாம்.

எங்கள் பக்கம் முதலில் தோன்றும் மாறி, ஓசூர்த் தொழிற்சாலைகளின் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு உள்ள தூரம். நான் அதை ஒதுக்கினேன். பஸ் வரும் ஊரில் தோட்டக்கூலியும் ஏறிவிடும். தூரம் கூலியையே தொடுகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறதா, அதைப் பார்த்துக்கொள்ள மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருக்கிறார்களா என்ற இரண்டையும் எடுத்தேன். இவையும் மாசற்றவை அல்ல. குழந்தைக்காக இரவு ஷிப்டைத் தவிர்க்கும் பெண்ணுக்குச் சம்பளம் குறையலாம்.

ஓ.எல்.எஸ். விடை எந்தப் பக்கம் சாயும் என்றும் முன்கூட்டியே சொல்லக்கூடாது. மேலே உள்ள கணக்கில், படித்தவர்கள் அதிகம் போவதாக வைத்தேன். ஆனால் படிக்காத ஏழைப் பெண்கள் களையெடுக்கப் போவதும், பத்தாம் வகுப்பு படித்தவர் வீட்டில் இருப்பதும் நம் ஊரில் சாதாரணம். அங்கே வாய்ப்பு முதலில் இறங்கிப் பிறகு ஏறும். ப்ராபிட்டில் படிப்பின் வர்க்கத்தையும் சேர்க்கவேண்டும்.

திருத்தினால் விடை மாறியே தீரும் என்பதும் இல்லை. பாடநூல்களில் வரும் 1975-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரவில் 753 மணமான பெண்கள், அவர்களில் கூலி தெரிந்தவர்கள் 428 பேர். படிப்பின் கெழு ஓ.எல்.எஸ்.ஸில் 0.108, இரண்டு படியில் 0.109. லாம்டாவின் கெழு 0.032, திட்டப்பிழை 0.134. அங்கே ஓ.எல்.எஸ்.ஸே போதும். ஆனால் இரண்டாவதையும் ஓட்டியதால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது.

மூன்றாவதாக மீப்பெரு நிகழ்தகவு முறை இருக்கிறது. இரண்டு சமன்பாடுகளின் பிழைகளும் சேர்ந்து இயல்நிலைப் பரவலில் இருந்தால் அது கூடுதல் துல்லியம் தரும். நான் அதைக் குறைவாகவே பயன்படுத்தியிருப்பதால் அழுத்திச் சொல்லமாட்டேன்.

சொந்த நிலத்தில் மல்லிகை பறிப்பவர், மாடு வளர்ப்பவர் ஆகியோரின் கூலிக் கட்டமும் காலிதான். வேலை செய்யாதவர்களோடு அவர்களைச் சேர்த்து 0 என்று குறித்தால், ப்ராபிட் இரண்டு வேறு முடிவுகளை ஒன்றாகக் கலக்கும். அவர்களைத் தனி வகையாகப் பிரித்த பிறகே முதல் படியைத் தொடங்கவேண்டும்.