420 அடி போருக்கு ஒன்றரை எச்.பி.யா, ரெண்டு எச்.பி.யா? பின்கட்டு வரை போகும் வயரையும் சேர்த்து ஒரு கணக்கு

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் மாமா வீட்டு போர் 420 அடி. பம்ப் கடையில் போய் நின்றால் முதல் கேள்வியே "போர் எத்தனை அடிண்ணே?" என்பதுதான். 420 என்றதும் "அப்ப ரெண்டு எச்.பி. போட்ருங்க, ஒன்றரை இழுக்காது" என்று பதில் வந்தது. நாங்களும் ரெண்டு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாரை இறக்கினோம். மூன்று வருடத்தில் இரண்டு முறை காயில் எரிந்தது, இரண்டு முறையும் 300 அடி குழாயை மேலே இழுத்து, காயில் கட்டி, மறுபடி இறக்கினோம். மூன்றாவது முறைதான் உட்கார்ந்து அளந்து பார்த்தோம். அதில் தெரிந்தது இதுதான்: போர் எத்தனை அடி என்ற எண் பம்ப் தேர்வுக்கு அனேகமாகத் தேவையே இல்லை.

பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம், அதாவது ஹெட், போரின் அடியிலிருந்து தொடங்குவது இல்லை. பம்ப் தொங்கும் இடத்திலிருந்தும் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது போருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்துதான். அதற்கு மேல் டேங்க் வாய் வரை உள்ள உயரம், அப்புறம் குழாய் உராய்வுக்குக் கொஞ்சம். நம் பக்கத்தில் இதை அளக்காமல் விடவே கூடாது. காரைக்குடிக்குக் கிழக்கே மணலும் படிவுப் பாறையுமாக இருக்கும், சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு அது தெரியும். மேற்கே திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று போகப்போக கெட்டிப் பாறை. பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் இருக்கிறது, அதனால் மோட்டார் போடாதபோது மேலே நிற்கும் மட்டம், போட்ட கொஞ்ச நேரத்தில் நூறு அடி இறங்கிவிடும்.

அளக்கும் வழி எளிது. இரண்டு இழை வயரின் நுனியில் செம்பு தெரியும்படி சீவி, ஒரு எடையைக் கட்டி, போரின் கேசிங் குழாய்க்கும் தண்ணீர் ஏறும் குழாய்க்கும் நடுவே மெதுவாக இறக்க வேண்டும். மேல் முனையில் மல்டிமீட்டர். நுனி தண்ணீரைத் தொட்டதும் முள் அசையும், அங்கே வயரில் குறி வைத்து அளந்துகொள்ளலாம். அவசரப்பட்டால் மோட்டார் கேபிளில் சிக்கிக்கொள்ளும், பார்த்து இறக்குங்கள்.

சித்திரையில் அளந்தோம். ஓடாதபோது 150 அடி. ரெண்டு எச்.பி.யை முழுவதும் திறந்து ஓட்டினால் மட்டம் நிற்கவே இல்லை, பம்ப் தொங்கும் 310 அடி வரை இறங்கி, டேங்கில் காற்றும் தண்ணீருமாகத் துப்பியது. சரி என்று கேட் வால்வைக் குறைத்து, 200 லிட்டர் டிரம் ஆறே முக்கால் நிமிடத்தில் நிறையும்படி, அதாவது நிமிடத்துக்கு 30 லிட்டர் வரும்படி வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினோம். மட்டம் 250 அடியில் நின்றுவிட்டது.

போர் போட்ட அன்றே இது தெரிந்திருக்க வேண்டும். ரிக் வண்டிக்காரர் "ஒன்றே முக்கால் இஞ்ச் தண்ணி" என்று சொல்லியிருந்தார். அந்த இஞ்ச் என்பது குழாயின் அளவு இல்லை. 90 டிகிரி வி வெட்டு போட்ட பலகையில் தண்ணீர் எத்தனை இஞ்ச் உயரத்துக்கு வழிகிறது என்ற அளவு. ஒரு இஞ்ச் என்றால் நிமிடத்துக்கு எட்டரை லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் பதினேழு இல்லை, 48 லிட்டர், ஏனென்றால் உயரம் இரட்டிப்பானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறும். ஒன்றே முக்கால் என்பது சுமார் 34 லிட்டர். கம்ப்ரசர் காற்று அடிக்கும்போது கிடைத்த அந்த அளவு, கோடையில் இன்னும் குறையும். அதற்கு மேல் இழுக்கும் எந்தப் பம்பும் இந்தப் போருக்குப் பெரிய பம்ப்தான்.

இப்போது ஹெட். ஓடும்போது மட்டம் 250, டேங்க் வாய் தரையிலிருந்து 35, ஒன்றேகால் இஞ்ச் குழாயில் உராய்வு, பெண்ட், வால்வு எல்லாம் சேர்த்து 10 அடி. மொத்தம் 295 அடி, அதாவது 90 மீட்டர். இதே குழாயை ஒரு இஞ்சாகப் போட்டால் உராய்வு மட்டும் 25 அடியைத் தொடும், குழாயில் மிச்சம் பிடித்த காசு தினமும் கரண்ட் பில்லில் போய்விடும்.

90 மீட்டர், நிமிடத்துக்கு 30 லிட்டர். இந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு நான்கு பம்புகளைப் பார்த்தோம். ஸ்டேஜ் என்பது பம்புக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் தண்ணீர் தள்ளும் சக்கரம், அது கூடக்கூட தண்ணீர் ஏறும் உயரம் கூடும். ஒரு எச்.பி., 10 ஸ்டேஜ் பம்ப் விலை குறைவு, ஆனால் அது எழுபது மீட்டர் பக்கத்திலேயே நின்றுவிடும். மோட்டார் ஓடும், சத்தம் வரும், டேங்குக்குச் சொட்டும் வராது, உள்ளே நிற்கும் தண்ணீர் சூடேறி மோட்டாரும் போகும். ஒன்றரை எச்.பி., 15 ஸ்டேஜ் கொஞ்சம் ஏமாற்றும். அதன் உச்சமே நூறு மீட்டர் அளவுதான், 90 மீட்டரில் நூல் போலத்தான் வரும். அதே ஒன்றரை எச்.பி.யில் 20 ஸ்டேஜ் போட்டது உச்சத்தில் 120 மீட்டரைத் தாண்டும், 90 மீட்டரில் நமக்கு வேண்டிய 30 லிட்டர் தரும். ரெண்டு எச்.பி., 20 ஸ்டேஜ் அதே 90 மீட்டரில் 45, 48 லிட்டர் இழுக்கப் பார்க்கும், 34 ஊறும் போரில் அது காற்றைத்தான் இழுக்கும்.

ஆக எச்.பி. ஒன்றாக இருந்தாலும் ஸ்டேஜ் மாறினால் பம்பே வேறு. ஸ்டேஜின் உயரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், பம்பின் அட்டவணையில் 90 மீட்டருக்கு நேரே எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள் என்பதைக் கேட்டு வாங்குங்கள். மழை பொய்த்த வருடத்தில் மட்டம் பம்ப் வரை இறங்கினால் ஹெட் 355 அடி, 108 மீட்டர் ஆகும். 20 ஸ்டேஜ் அங்கேயும் குறைவாகவாவது தரும், 15 ஸ்டேஜ் நின்றுவிடும்.

இதோடு முடிந்திருந்தால் மோட்டார் இரண்டு முறை எரிந்திருக்காது. இன்னொரு காரணம் வீடே. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். மீட்டர் முகப்பில், போர் பின்கட்டுக்குப் பின்னால் கிணற்றடியில். எங்கள் கணக்கில் மேலே மட்டும் 180 அடி வயர், போருக்குள் 320 அடி, மொத்தம் 500 அடி, 152 மீட்டர். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 305 மீட்டர் செம்பு.

பழைய கேபிள் முழுக்க 2.5 சதுர மில்லிமீட்டர். அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 ஓம், 305 மீட்டருக்கு 2.4 ஓம். ரெண்டு எச்.பி. சிங்கிள் பேஸ் 14 ஆம்ப்ஸ் எடுத்தால் வழியிலேயே 34 வோல்ட் போய்விடுகிறது. சாயங்காலம் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் முகப்பில் 195 வோல்ட்தான் இருக்கும், மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 161. மோட்டாரின் முறுக்கு விசை வோல்ட்டின் வர்க்கத்தில் குறையும், ஆகவே 220 வோல்ட்டில் இருந்த விசையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். கிளம்பும் நொடியில் கரண்ட் பல மடங்கு ஏறுவதால் வோல்ட் இன்னும் சரியும். உம்ம் என்று உறுமிவிட்டு டிரிப் ஆகும், கப்பாசிட்டர் உப்பும், ஒரு நாள் காயில் போகும். எங்களுக்கு வரிசையாக இதேதான் நடந்தது, நாங்கள் ஒவ்வொரு தடவையும் கப்பாசிட்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தோம்.

ஒன்றரை எச்.பி. என்றால் சுமார் 10 ஆம்ப்ஸ். அதே 2.5 கேபிளில் 24 வோல்ட் இழப்பு, முழுக்க 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 15, முழுக்க 6 போட்டால் 10. நாங்கள் செய்தது நடு வழி: பேனல் போர்டை முகப்பிலிருந்து எடுத்துப் பின்கட்டுச் சுவரில் மாட்டி, மீட்டரிலிருந்து அதுவரை 6, போருக்குள் 4. இழப்பு 13 வோல்ட். சாயங்காலம் 195 இருந்தாலும் மோட்டாருக்கு 182 போகிறது, அது மோட்டார் பிளேட்டில் குறைந்தபட்சம் என்று போட்டிருக்கும் 180க்கு மேலே. ரெண்டு எச்.பி.க்கும் ஒன்றரைக்கும் இருந்த விலை வித்தியாசத்தை இந்தக் கேபிளில் போட்டோம், வருத்தமே இல்லை.

உங்கள் வீட்டில் இது எப்படி என்று பார்க்க, பேனல் போர் பக்கம் இருந்தால் அதில் மோட்டார் ஓடாதபோது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை வோல்ட் பாருங்கள். பேனலைப் பின்கட்டுக்கு மாற்றியதும், பழைய வயரும் பழைய ரெண்டு எச்.பி.யும் இருந்தபோதே பார்த்தோம், 215 இருந்தது 188க்கு இறங்கியது. மேலே உள்ள 180 அடிக்கு 14 ஆம்ப்ஸில் 12 வோல்ட்தான் போக வேண்டும், 27 போனது. தேடிப்போனால் மெயின் போர்டில் நியூட்ரல் முனை கருகிக் கிடந்தது. பழைய வீடுகளில் கேபிள் மாற்றும் முன் அந்த முனைகளைத் திறந்து பாருங்கள், சில வீடுகளில் கோளாறே அதுதான்.

த்ரீ பேஸ் இணைப்பு உள்ளவர்கள் கேட்பார்கள், ஏன் த்ரீ பேஸ் மோட்டார் போடவில்லை என்று. வோல்ட் இழப்பில் அதற்குப் போட்டியே இல்லை. ஒன்றரை எச்.பி. த்ரீ பேஸ் ஒரு வயரில் மூன்றரை ஆம்ப்ஸ் பக்கம்தான் எடுக்கும், அந்தப் பழைய 2.5 கேபிளிலேயே 400க்கு 7 வோல்ட்தான் போகும், கப்பாசிட்டரும் கிடையாது. ஆனால் ஒரு பேஸ் போனால் மோட்டார் இரண்டில் ஓடிக் கருகும், அதைத் தடுக்கும் பிரிவென்டர் ஸ்டார்ட்டரில் கட்டாயம் வேண்டும். அது வேலை செய்து நிறுத்திவிட்டாலும், அந்த பேஸ் திரும்பும் வரை வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. மாமா ஊரில் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு பேஸ் போகிறது. சிங்கிள் பேஸ் என்றால் சேஞ்ச் ஓவரைத் திருப்பி இருக்கிற பேஸில் ஓட்டிக்கொள்ளலாம், வயதான இரண்டு பேர் இருக்கும் வீட்டில் எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. பேஸ் அடிக்கடி போகாத ஊராக இருந்தால் நான் யோசிக்காமல் த்ரீ பேஸ்தான் போடுவேன், அதுவும் 400 அடியைத் தாண்டிப் பம்ப் இறக்குபவர்கள் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம்.

உள்ளே ஆயில் நிரப்பிய மோட்டாரா, தண்ணீர் நிரப்பிய வாட்டர் மோட்டாரா என்பதில் நான் வாட்டர் பக்கம். சீல் போனால் ஆயில் குடிதண்ணீரில் கலக்கும், டேங்கில் வாடை வந்த பிறகுதான் தெரியும்.

புதுப் பம்ப் இறக்கி இரண்டு கோடை ஆகிறது. 1000 லிட்டர் டேங்க் 33, 34 நிமிடத்தில் நிறைகிறது. முன்பு ரெண்டு எச்.பி. காற்றை இழுத்து, நிறுத்தி, ஊற விட்டு மறுபடி போட்டு ஒரு மணி நேரம் ஆக்கிய அதே டேங்க். மாமா ஒவ்வொரு சித்திரையிலும் அந்த இரண்டு இழை வயரை இறக்கி, மட்டத்தைக் கிணற்றடிச் சுவரில் கரியால் எழுதி வைக்கிறார். இந்த வருடம் ஓடும்போது 262.