ஒரே பெயரில் இரண்டு ஃபைல்: பென் டிரைவை நம்பி ஆறு வருஷமாக ஓடும் என் பிஎஸ்4

போன வாரம் வால்பாறையிலிருந்து நண்பன் போன் செய்தான். "மச்சான், செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎஸ்4 சல்லிசா வருது. எங்க வீட்டு நெட்டு லட்சணம் உனக்கே தெரியும். பென் டிரைவ்லயே அப்டேட் போட்டு ஓட்டிக்கலாம்ங்கிறாங்களே, நெசமா?"

நிஜம்தான். நான் ஆறு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். கூடலூர்ப் பக்கம் ஒரு மலைச்சரிவில் எங்கள் வீடு. ஜூனில் மழை பிடித்தால் மரம் விழும், கேபிள் அறுந்துபோகும், சரிசெய்ய ஆள் வர நாலு நாள் ஆகும். மற்ற மாதங்களிலும் லைன் பத்து நிமிஷம் இருக்கும், இரண்டு நிமிஷம் போகும். கன்சோலே நெட்டிலிருந்து அப்டேட்டை இழுத்து முடிக்கட்டும் என்று முதல் வருஷம் காத்திருந்து பார்த்தேன். முடியவில்லை. அதன்பிறகு ஒரு தடவைகூட அந்த வழிக்குப் போகவில்லை.

பென் டிரைவ் வழியில் எனக்குப் பிடித்த விஷயம், சிரமத்தையெல்லாம் அது கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிடுகிறது. ஃபைல் முழுசாகக் கைக்கு வந்துவிட்டால் போதும், அப்புறம் லைன் இருந்தாலும் போனாலும் கவலையில்லை. பிரவுசரில் இறக்கினால் எனக்குப் பாதியில் அறுந்துவிடும் என்பதால், பிளேஸ்டேஷனின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் டவுன்லோடு லிங்க்கை மட்டும் காப்பி செய்து, விண்டோஸ் 10-இலும் 11-இலும் கூடவே வரும் கர்ல் கட்டளையில் கொடுக்கிறேன். LINK என்ற இடத்தில் அந்த முகவரியை ஒட்ட வேண்டும்.

```
curl.exe -f -L -C - -o PS4UPDATE.PUP "LINK"
```

லைன் அறுந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி அதே கட்டளையை மறுபடி ஓட்டுவேன். நடுவில் இருக்கும் `-C -` விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்கிறது. புதிய அப்டேட்டை இறக்கும்போது பழைய ஃபைல் அந்த ஃபோல்டரில் இருக்கக் கூடாது. இருந்தால் அதன் வாலிலேயே புதியது ஒட்டப் பார்க்கும், ஃபைல் கெட்டுவிடும்.

பிறகு பென் டிரைவில் `PS4` என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் `UPDATE`, அதற்குள் `PS4UPDATE.PUP`. எல்லாம் பெரிய எழுத்தில். கன்சோலை முழுசாக அணைத்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் உடனே ஒரு பீப், ஏழு விநாடி கழித்து இன்னொரு பீப். இரண்டாவது பீப்பில் கையை எடுத்தால் சேஃப் மோட் என்ற மெனு வரும். கன்ட்ரோலரை வயர் போட்டு இணைத்து பிஎஸ் பட்டனை அழுத்தி, மூன்றாவதாக உள்ள `Update System Software`-க்குள் போய் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. அந்த வயர் டேட்டாவும் போகிற வயராக இருக்க வேண்டும். வெறும் சார்ஜ் வயரைப் போட்டுவிட்டு கன்ட்ரோலர் செத்துவிட்டது என்று அரை நாள் கவலைப்பட்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னது நல்லபடியாக நடக்கும் நாளின் கதை. என் கோபமெல்லாம் வேறொரு இடத்தில் இருக்கிறது.

அந்த டவுன்லோடு பக்கத்தில் இருப்பது ஒரு ஃபைல் இல்லை, இரண்டு. ஒன்று சாதாரண அப்டேட், சுமார் அரை ஜிபி. இன்னொன்று சிஸ்டம் மென்பொருளை முழுசாக மறுபடி நிறுவுவதற்கானது, சுமார் ஒரு ஜிபி. இரண்டுக்கும் பெயர் `PS4UPDATE.PUP`தான். போட வேண்டிய ஃபோல்டரும் ஒன்றேதான். பென் டிரைவில் போட்டுவிட்டால் அளவைப் பார்த்துத்தான் எது எது என்று சொல்ல முடியும்.

இதன் வலி போன ஆகஸ்டில் தெரிந்தது. கன்சோலின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது, கேம்கள் நடுவில் உறைந்து நின்றன. ரிப்பேர் கடையில் புது டிஸ்க் மாட்டிக் கொடுத்தார்கள். "வீட்டுல போய் சாஃப்ட்வேர் மட்டும் ஏத்திக்குங்க" என்றார்கள். எந்த ஃபைலை ஏற்ற வேண்டும் என்று சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் எப்போதும் இருக்கும் அரை ஜிபி ஃபைலோடு பென் டிரைவைச் செருகினேன். திரையில் `SU-41333-4` என்ற எண்ணோடு, மறுநிறுவல் ஃபைல் உள்ள யூஎஸ்பியை இணைக்கச் சொல்லி ஒரு செய்தி. அதில் மறுநிறுவல் என்ற ஒற்றை வார்த்தைதான் முழு விடையும். ஃபைல்தான் இருக்கிறதே என்ற நினைப்பில் அதை வாசிக்காமலே கடந்துவிட்டேன். பென் டிரைவை ஃபார்மட் செய்தேன், வேறு டிரைவ் மாற்றினேன், யூஎஸ்பி ஓட்டையை மாற்றினேன். இரண்டு சாயங்காலம் போனது.

காரணம் எளிது. சாதாரண அப்டேட் ஃபைல், டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் சிஸ்டத்தின் மேல் மாற்றங்களைச் செய்கிறது. புது டிஸ்க் வெற்று நிலம், மாற்றுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. அதனால் முழுச் சிஸ்டமும் அடங்கிய பெரிய ஃபைல் வேண்டும், சேஃப் மோடில் ஏழாவதாக இருக்கும் `Initialize PS4 (Reinstall System Software)` வழியாக. இன்னொன்று: டிஸ்க்கை மாற்றினாலும் கன்சோல் தன் பதிப்பு எண்ணை மறப்பதில்லை. அதைவிடப் பழைய ஃபைலைக் கொடுத்தால் ஏற்காது. அன்றைக்கு ஒரு ஜிபியை எங்கள் லைனில் இறக்க ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை மூன்றரை ஆனது. பதினோரு தடவை அறுந்தது, எண்ணினேன்.

எச்சரிக்கையாக ஒன்று. அந்த ஏழாவது வழி டிஸ்க்கில் உள்ள அத்தனையையும் அழித்துவிடும். புது டிஸ்க்கில் அழிய ஒன்றும் இல்லை. ஆனால் நன்றாக ஓடும் கன்சோலில், பெரிய ஃபைல் இருக்கிறதே என்று அதைத் தொட்டால் விளையாடிச் சேர்த்த சேவ் எல்லாம் போய்விடும். அப்டேட்டுக்கு மூன்று, வெற்று டிஸ்க்குக்கு ஏழு. இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் சேஃப் மோடுக்குள் போக வேண்டாம். என் பழைய டிஸ்க் கடகடத்தபோதே சேவ்களை யூஎஸ்பிக்குக் காப்பி எடுத்திருந்தேன், அதனால் தப்பித்தேன்.

சாதாரண அப்டேட்டிலும் "ஃபைல் கிடைக்கவில்லை" என்ற செய்தி வரும். அதற்குப் பின்னால் வெவ்வேறு தவறுகள் ஒளிந்திருக்கும், எது என்று அந்தச் செய்தி சொல்லாது. எனக்கு மூன்று நேர்ந்திருக்கின்றன. ஒருமுறை பெரிய சினிமா ஃபைல் ஒன்றைக் கொண்டுபோக பென் டிரைவை என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டுக்கு மாற்றியிருந்தேன். கன்சோல் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டை மட்டுமே படிக்கும். இன்னொருமுறை பிரவுசரில் இறக்கியபோது டவுன்லோட்ஸில் பழைய ஃபைல் கிடந்ததால் புதியது `PS4UPDATE (1).PUP` என்று விழுந்தது. பெயரில் அடைப்புக்குறி இருப்பதை நான் கவனிக்கவில்லை, கன்சோல் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது முறை அதே குழப்பத்தில் பெயர் சரியாக இருந்த பழைய ஃபைலையே எடுத்துப் போட்டேன்.

இதைப் பிரித்தறிய நான் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. பென் டிரைவின் மேல்மட்டத்தில் `Music` என்று ஒரு ஃபோல்டர் செய்து அதில் ஒரு எம்பி3 பாட்டைப் போட்டுவிடுகிறேன். கன்சோலைச் சாதாரணமாக ஆன் செய்து பென் டிரைவைச் செருகினால், `USB Music Player` எட்டிப் பார்க்க வேண்டும். பாட்டு ஓடினால் டிரைவ் நலம், ஃபார்மட்டும் சரி. அப்படியானால் கோளாறு ஃபோல்டர் பெயரிலோ ஃபைலிலோதான். பாட்டே வரவில்லை என்றால் ஃபைலை எத்தனை தடவை மறுபடி இறக்கினாலும் பயனில்லை, டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும். நெட் இல்லாத ஊரில் இந்த ஒரு பாட்டு ஒரு ராத்திரி டவுன்லோடை மிச்சப்படுத்தும். இப்போதும் என் பென் டிரைவில் அந்தப் பாட்டு இருக்கிறது.

கரண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெட் போகும் ஊரில் கரண்டும் போகும். ஃபைலைக் கன்சோல் காப்பி செய்யும் கட்டத்தில் போனால் பெரிய சேதம் இல்லை, திரும்ப ஆரம்பிக்கலாம். ரீஸ்டார்ட் ஆகி நிறுவும் பட்டை ஓடும்போது போவதுதான் ஆபத்து. நான் கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸில் கன்சோலை மாட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். டிவி அணைந்தால் அணையட்டும், கன்சோல் அணையக் கூடாது.

ஆறு வருஷக் கணக்கு இதுதான். சரியான ஃபைல், சரியான டிரைவ் என்று அமைந்த நாளில் இந்த வழி ஒருமுறைகூட என்னைக் கைவிட்டதில்லை. டிஸ்க் செத்துப்போன கன்சோலை, அதை நெட்டில் இணைக்காமலே மீட்டுக் கொடுத்திருக்கிறது. கன்சோலோடு வரும் வசதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்படியும் நண்பனிடம் "வாங்காதே" என்றுதான் சொன்னேன்.

பென் டிரைவில் வருவது சிஸ்டம் மென்பொருள் மட்டும். கேம்களுக்கு வரும் பேட்ச்களை அப்படிக் கொண்டுவந்து ஏற்ற வழி கொடுக்கப்படவில்லை. கடையில் கேம் டிஸ்க்காக வாங்கிய கேமுக்கே இருபது, முப்பது ஜிபி பேட்ச் வருவது சாதாரணம். அரை ஜிபிக்கு நான் படும் பாட்டைச் சொன்னேன், முப்பது ஜிபிக்குக் கர்ல் கட்டளையும் கிடையாது, லிங்க்கும் கிடையாது. நான் என்ன செய்கிறேன் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கன்சோலை ஒரு பையில் வைத்து, கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் எடுத்துப்போய் ஒரு ராத்திரி ஓடவிட்டுக் கொண்டுவருகிறேன். அக்கா வீட்டு ஃபைபர் லைன் அந்த பேட்ச்களையெல்லாம் விடியுமுன் முடித்துவிடும். வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி அவன் அப்படிச் செய்வானா என்று கேட்டேன். செய்ய மாட்டேன் என்றான்.

பேட்ச் இல்லாமல் கேம் டிஸ்க்கில் இருப்பதை இருக்கிறபடியே விளையாடுகிறவனாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அவனுக்குப் பிடித்தது ஆன்லைன் ஃபுட்பால்.