ஒரே லாபம், இரண்டு கம்பெனி: பிறையும் ஜூருவும் காட்டும் ஐந்து லட்சம் ரிங்கிட்

பினாங்கு பெருநிலத்தில் இரண்டு லோரிப் போக்குவரத்துக் கம்பெனிகள் விலைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பிறையில், மற்றொன்று ஜூருவில். இது விளக்கத்துக்காக அமைத்த கணக்கு. எந்த நிஜக் கம்பெனியுடையதும் அல்ல. இரண்டுக்கும் இது முதல் ஆண்டு. இரண்டும் ஆண்டுத் தொடக்கத்திலேயே, லோரி ஒன்று 3,00,000 ரிங்கிட் வீதம், ஆளுக்குப் பத்து லோரி வாங்கின. இரண்டும் மாதம் 20,000 ரிங்கிட் வாடகையில் ஒரு கிடங்கை எடுத்தன. ஆண்டு வருமானம் 60 லட்சம், வரிக்கு முந்திய லாபம் 5,00,000. இவையும் இரண்டுக்கும் ஒன்றே.

முதல் பக்க எண்களை மட்டும் பார்த்தால் எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று தோன்றும். பின்பக்கக் குறிப்புகளைப் புரட்டினால் கதை வேறு. கீழே வரும் எம்பெர்ஸ் என்பது தனியார் கம்பெனிகளுக்கான எளிய கணக்கு முறை, எம்எஃப்ஆர்எஸ் என்பது முழு அளவிலான கணக்கு முறை.

| | பிறை | ஜூரு |
|---|---|---|
| கணக்கு முறை | எம்பெர்ஸ் | எம்எஃப்ஆர்எஸ் |
| லோரித் தேய்மானம் | ஆண்டுக்கு 10% | ஆண்டுக்கு 20% |
| கிடங்கு | வாடகைச் செலவு | சொத்தாகவும் கடனாகவும் |
| வசூலாகாத பாக்கிக்கு ஒதுக்கீடு | 30,000 | 1,06,000 |
| வரிக்கு முந்திய லாபம் | 5,00,000 | 5,00,000 |

முதலில் பார்க்க வேண்டியது "தயாரிப்பின் அடிப்படை" என்ற குறிப்பு. பலரும் தாண்டிப் போகும் இரண்டு வரி அது. மலேசியாவில் தனியார் கம்பெனிகள் 2016 முதல் எம்பெர்ஸ் முறையைப் பின்பற்றலாம். விரும்பினால் எம்எஃப்ஆர்எஸ்ஸையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் துணை நிறுவனமாக இருந்தால் எம்பெர்ஸ் கிடையாது. ஜூருக் கம்பெனியை அப்படிப்பட்ட துணை நிறுவனம் என்று எடுத்துக்கொள்வோம். ஆக, முறையில் அதற்கு வேறு வழியில்லை. பிறை சட்டப்படி சுலபமான முறையைத் தேர்ந்தது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு ஆடிட்டர்களும் குறையில்லாமல் கையெழுத்துப் போடலாம்.

லோரிகள்

பிறை 30 லட்சம் ரிங்கிட் லோரிகளைப் பத்து ஆண்டு ஓடும் என்று கணக்கிட்டு, ஆண்டுக்கு 3,00,000 தேய்மானம் எழுதுகிறது. ஜூரு ஐந்தே ஆண்டு என்று எடுத்து 6,00,000 எழுதுகிறது. அதே லோரி, அதே சாலை, ஆனால் 3,00,000 ரிங்கிட் வித்தியாசம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கொள்கைக் குறிப்பில் "வாகனங்கள் 10% முதல் 20% வரை" என்று வீச்சாகப் போட்டிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிலையான சொத்து அட்டவணைக்குப் போங்கள். வாகனங்களுக்கான அந்த ஆண்டுத் தேய்மானத்தை அவற்றின் கொள்விலையால் வகுத்தால் உண்மையில் நடக்கும் விகிதம் வந்துவிடும். ஆண்டு நடுவில் வாங்கியதும் விற்றதும் இருந்தால் தொடக்க, இறுதிக் கொள்விலைகளின் சராசரியால் வகுக்கலாம். ஏற்கனவே முழுதாகத் தேய்ந்துபோன வாகனங்கள் கொள்விலையில் கலந்திருந்தால் இந்த விகிதம் குறைத்துக் காட்டும். அவற்றைத் தனியே கேட்டு வாங்கிக் கழிக்க வேண்டும்.

ஐந்தா பத்தா, எது சரி? குறிப்புகள் இதைச் சொல்லாது. அடுத்த சில ஆண்டுகளில் பழைய லோரி விற்கும்போது வரும் லாப நட்டம் சொல்லும். விற்கும் ஒவ்வொரு முறையும் லாபம் வந்தால் தேய்மானம் வேகமாகப் போடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப நட்டம் என்றால், முன்பு காட்டிய லாபத்தில் ஒரு பகுதி வெறும் எழுத்துதான்.

கிடங்கு

இதுதான் அதிகம் பேரைக் குழப்பும் இடம். எம்பெர்ஸில் சாதாரண வாடகை ஒப்பந்தம் இருப்புநிலைக் குறிப்புக்குள் வராது. பிறை ஆண்டுக்கு 2,40,000 ரிங்கிட்டை வாடகைச் செலவாக எழுதி முடித்துவிடும்.

ஜூரு, வாடகை ஒப்பந்தங்களுக்கென 2019 முதல் நடைமுறையில் உள்ள எம்எஃப்ஆர்எஸ் 16 விதியைப் பின்பற்ற வேண்டும். ஐந்தாண்டு ஒப்பந்தம், வட்டி 6%, கணக்கு எளிதாக இருக்க ஆண்டு முடிவில் ஒரே தவணை என்று வைப்போம். ஐந்து தவணைகளின் இன்றைய மதிப்பு 10,10,967 ரிங்கிட். அதைச் சொத்தாக ஒரு பக்கமும் கடனாக மறு பக்கமும் காட்ட வேண்டும். சொத்து ஐந்தாகப் பிரிந்து ஆண்டுக்கு 2,02,193 தேய்மானம். முதல் ஆண்டு வட்டி 60,658. மொத்தம் 2,62,851, பிறையைவிட 22,851 கூடுதல். கடைசி ஆண்டில் வட்டி 13,585-ஆகச் சுருங்குவதால் மொத்தச் செலவு 2,15,778-ஆகிவிடும், அதாவது வாடகையைவிடக் குறைவு. ஐந்து ஆண்டையும் கூட்டினால் இரண்டு முறையிலும் 12 லட்சம்தான். கையை விட்டுப் போகும் பணமும் ஒன்றுதான்.

பிறையில் இந்தக் கடன் ஒளிந்திருக்கிறதா என்றால், முழுதாக இல்லை. எதிர்கால வாடகைப் பொறுப்பை ஓராண்டுக்குள், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை, அதற்குப் பின் என்று பிரித்து எம்பெர்ஸும் குறிப்பில் காட்டச் சொல்கிறது. முதல் ஆண்டு முடிவில் அங்கே 2,40,000, 7,20,000 என்று இருக்கும். நான்கு தவணைகளையும் 6% வட்டியில் அன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஏறத்தாழ 8,31,600. ஜூருவின் கணக்கில் கடனாக நிற்கும் தொகையும் இதே அளவுதான்.

ஆனால் நம் ஊரில் கடையும் கிடங்கும் பெரும்பாலும் "மூன்று ஆண்டு, விருப்பப்பட்டால் இன்னும் இரண்டு" என்று எழுதப்படும். அப்படியானால் ரத்து செய்ய முடியாத காலம் மூன்றே ஆண்டு. பிறையின் குறிப்பில் மீதி இரண்டு ஆண்டுக்கு 4,80,000 மட்டும்தான் தெரியும். எம்எஃப்ஆர்எஸ் 16-ல், கம்பெனி அந்த விருப்பத்தைப் பயன்படுத்தும் என்று போதிய உறுதி இருந்தால் மீதி இரண்டு ஆண்டையும் சேர்க்க வேண்டும். கிடங்கை விட்டு நகர முடியாத தொழில் என்றால் பிறையின் பொறுப்பு குறிப்பில் பாதியாகவே தெரியும். வாடகை ஒப்பந்தத்தை நேரில் வாங்கிப் படிக்காமல் இது பிடிபடாது.

பாக்கிகள்

இருவருக்கும் வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டியது 15 லட்சம். பிறை தன் எம்பெர்ஸ் முறைப்படி, நட்டம் ஏற்பட்டதற்குக் கண்கூடான சான்று இருந்தால்தான் ஒதுக்கும். திவாலான ஒரே வாடிக்கையாளருக்காக 30,000 எழுதியது. ஜூரு வரப்போகும் நட்டத்தையும் கணிக்க வேண்டும். கெடு தாண்டாத 8 லட்சத்துக்கு 0.5%, முப்பது நாளுக்குள் தாமதமான 3 லட்சத்துக்கு 2%, அடுத்து தொண்ணூறு நாள் வரையிலான 2 லட்சத்துக்கு 8%, அதற்கும் மேற்பட்ட 2 லட்சத்துக்கு 40% என்று தன் விகிதத்தைப் போட்டு 1,06,000 ஒதுக்கியது. இடைவெளி 76,000. அந்த விகிதங்களும் ஜூருவின் சொந்தக் கணிப்புதான். எம்எஃப்ஆர்எஸ் என்ற பெயருக்காக அவற்றைக் கேள்வி கேட்காமல் விட வேண்டாம்.

ஒரே தராசில்

பிறையை ஜூருவின் கொள்கைக்கு மாற்றினால்: 5,00,000-லிருந்து லோரிக்கு 3,00,000, கிடங்குக்கு 22,851, பாக்கிக்கு 76,000 கழிக்க வேண்டும். மிஞ்சுவது 1,01,149.

இதற்காகப் பிறையை மோசம் என்று முடிவு கட்டவும் முடியாது. லோரி உண்மையில் எட்டு ஆண்டு ஓடும் என்று வைத்து இரண்டையும் மறுபடி போட்டுப் பாருங்கள். ஆண்டுத் தேய்மானம் 3,75,000. பிறை 3,26,149, ஜூரு 7,25,000. எந்த ஆயுளைப் போட்டாலும், இரண்டுக்கும் ஒரே ஆயுளைப் போடும்வரை இடைவெளி 3,98,851-தான். எவ்வளவு லாபம் என்பதில் நமக்கு ஐயம் இருக்கலாம். எது அதிகம் என்பதில் இல்லை.

விலை பேசும்போது பலர் வட்டி, வரி, தேய்மானம் கழிக்காத லாபத்தை எடுத்து அதன் ஐந்து மடங்கு என்பார்கள். இந்தக் கொள்கை வேறுபாடு அங்கே இன்னும் பெரிதாகக் கடிக்கும். லோரிக் கடனுக்கு இருவரும் 1,00,000 வட்டி கட்டியதாகக் கொண்டால் பிறைக்கு அந்த எண் 9,00,000. ஜூருவுக்கு 14,62,851, ஏனென்றால் அதன் கிடங்குச் செலவு முழுவதும் தேய்மானமாகவும் வட்டியாகவும் உருமாறி, கழிக்காத பக்கம் போய்விட்டது. பிறையின் வாடகையைத் திரும்பக் கூட்டி, பாக்கி ஒதுக்கீட்டைச் சரிசெய்தால் அதன் எண் 10,64,000. ஜூருவின் எண்ணைத் தொடாமல் ஐந்து மடங்கு கேட்பவர், கிடங்குக் கடனையும் விலையிலிருந்து கழிக்க வேண்டும். இல்லையேல் வாடகையை இரண்டு முறை மறந்துவிட்டதாக ஆகும்.

சந்தேகம் இருந்தால் வரிக் குறிப்பைப் பாருங்கள். வரி வாரியம் கணக்குப் புத்தகத் தேய்மானத்தை ஏற்பதில்லை. அதைத் திரும்பக் கூட்டிவிட்டு, பதிலுக்குத் தன் சொந்த விகிதப்படி மூலதனக் கழிவு தரும். லோரிகள் ஒன்றுபோல் என்பதால் கழிவும் ஒன்றுபோல் இருக்கும். மற்றதை ஒதுக்கிவிட்டு லோரித் தேய்மானத்தை மட்டும் கூட்டினால் பிறை 8 லட்சத்திலிருந்தும் ஜூரு 11 லட்சத்திலிருந்தும் தொடங்கும். லாபம் ஒன்றாக இருந்தும் நடப்பு வரி வேறாக இருந்தால், காரணம் கொள்கையில் இருக்கிறதா என்று தேடலாம்.

கணக்கு எங்கே கிடைக்கும்? கம்பெனிகள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் கட்டணம் கட்டி வாங்கலாம். விலக்குப் பெற்ற தனியார் கம்பெனி முழுக் கணக்குக்குப் பதில் சான்றிதழ் மட்டும் தாக்கல் செய்திருக்கலாம். அப்படியானால் விற்பவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது லாபநட்டக் கணக்கோடு நிறுத்தாமல் குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். 2023 முதல் எம்எஃப்ஆர்எஸ் கணக்குகளில் முக்கியமான கொள்கைத் தகவல் மட்டும் இருந்தால் போதும் என்பதால் குறிப்புகள் மெலிந்திருக்கலாம். எஞ்சிய வரிகளுக்கு அதனால்தான் கூடுதல் கனம்.

கடைசியாக, அடுத்த ஆண்டுக் கணக்கைக் கேட்கும்போது இதைத் தேடுங்கள். ஆயுளை மாற்றுவது மதிப்பீட்டு மாற்றமே தவிர கொள்கை மாற்றம் அல்ல. அதனால் பழைய ஆண்டு எண்களைத் திருத்த வேண்டியதில்லை. விளைவை ஒரு குறிப்பில் சொன்னால் போதும். ஜூரு இரண்டாம் ஆண்டில் ஐந்தைப் பத்தாக நீட்டினால், மிச்ச 24 லட்சம் ஒன்பது ஆண்டுக்குப் பரவி, தேய்மானம் 2,66,667-ஆக இறங்கும். லாபம் 3,33,333 ஏறும். ஒரு மூட்டை சரக்குகூட அதிகம் ஏற்றாமல்.