மாமாவுக்கு ஒரு கடிதம்: ஆடா, காளானா, செக்கா?

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். "என்ன தொழில் என்று முடிவு செய்து எழுது, பணம் அனுப்புகிறேன்" என்று போனில் சொன்னீர்கள். என் கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. இரண்டு மாதமாக மூன்று தொழில்களைச் சுற்றிப் பார்த்துவிட்டேன். என் மனதில் ஒன்று நிற்கிறது. ஆனாலும் மளிகைக் கடையில் இருபது வருடம் கணக்குப் பார்த்த உங்களிடம் கேட்காமல் இறங்க மாட்டேன்.

காளானை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலீடு கொஞ்சம்தான்: ஒரு ஓலைக் கொட்டகை, வைக்கோல், பாலிதீன் பை, காளான் விதை. விதை போட்டு மூன்று, நான்கு வாரத்தில் சிப்பிக்காளானைப் பறிக்கலாம். ஆனால் அதற்குக் குளிர்ச்சி வேண்டும், 30 டிகிரியைத் தாண்டினால் விளைச்சல் விழுந்துவிடும். நம் கோவில்பட்டிப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரையில் நண்பன் ஒருவனின் கொட்டகைக்குப் போயிருந்தேன். சாக்கை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டிருந்தான், அப்படியும் பாதிப் பைகளில் பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. பறித்ததை மறுநாளுக்குள் விற்றாக வேண்டும். நம் ஊரில் தினமும் காளான் வாங்க ஆள் இல்லை.

அடுத்து ஆடு. அம்மாவுக்கு இதில்தான் ஆசை. கன்னி ஆடு நம் மண்ணின் இனம், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். விற்க அலைய வேண்டாம், சனிக்கிழமை எட்டயபுரம் சந்தை இருக்கிறது. 10 பெட்டையும் ஒரு கிடாவும் வாங்கிக் கொட்டகை போட்டால் என் பணம் தீர்ந்துவிடும். சினை 5 மாதம், குட்டி விலைக்கு வர இன்னும் ஏழெட்டு மாதம். ஆக ஒரு வருடம் வரவே கிடையாது. அதைவிடப் பயம் தீவனம்தான். ஓர் ஆட்டுக்குத் தினமும் மூன்று, நான்கு கிலோ பசுந்தழை வேண்டும். பங்குனியில் நம் கிணறு வற்றினால் ஆடி வரைக்கும் கரிசலில் பச்சையே இருக்காது. தீவனம் வாங்கிப் போட்டால் லாபம் அங்கேயே போய்விடும்.

மூன்றாவது மரச்செக்கு. பக்கத்து ஊர்ச் செக்கில் மூன்று நாள் கூடவே நின்று பார்த்தேன். நிலக்கடலைப் பருப்பைப் பல்லில் கடித்தால் 'மொறுக்'கென்று உடைய வேண்டும், அந்த அளவுக்குக் காய்ந்தால்தான் ஆட்டுகிறார்கள். புண்ணாக்கு சேர்ந்து வர லேசாகத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அது கூடிப்போனால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடுமாம். ஆட்டிய எண்ணெயை இரண்டு, மூன்று நாள் வெயிலில் தெளியவைத்துத்தான் பாட்டிலில் ஊற்றுகிறார்கள். பூசணம் பிடித்த பருப்பு ஒரு பிடி கலந்தாலும் மொத்தமும் வீண், உடம்புக்கும் கேடு. அதனால் பொறுக்குவதற்கே தனியாக இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள்.

கணக்கு இதுதான் மாமா. ஒரு தடவைக்கு 12 கிலோ பருப்பு, ஒரு மணி நேரம். கிலோ 120 ரூபாய் என்றால் 1,440. கிடைப்பது சுமார் 5 லிட்டர் எண்ணெயும் ஆறரை கிலோ புண்ணாக்கும். புண்ணாக்கு 290 ரூபாய்க்குப் போகும். அதைக் கழித்தால் லிட்டருக்கு 230 அடக்கம். பாட்டில், கரண்ட், பொறுக்கு கூலி சேர்த்தால் 255. விற்பது 300. ஆக 5 லிட்டருக்கு 225 ரூபாய் மிஞ்சும். அதுவும் விற்று முடித்தால்தான்.

ஊர்க்காரர்கள் கொண்டுவரும் பருப்பைக் கூலிக்கு ஆட்டினால் கிலோவுக்கு 20 ரூபாய். அதே 12 கிலோவுக்கு 240, கரண்ட் 20 போனால் 220. ஏறக்குறைய அதே பணம்! சரக்கில் ஒரு பைசா முடங்குவதில்லை, கெட்டுப்போகும் பயமும் இல்லை. இதைத் தாளில் எழுதிப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் கூலி வேலை அறுவடை முடிந்த தை, மாசியில்தான் குவியும். ஆவணி, புரட்டாசியில் செக்கு சும்மா நிற்கும். அப்போது சொந்த எண்ணெய் ஆட்டி விற்க வேண்டும், அதற்குப் பருப்பைத் தையிலேயே வாங்கி இருப்பு வைக்க வேண்டும். வாகை மரச் செக்கும் மோட்டாரும் சேர்த்து இரண்டு லட்சம் சொல்கிறார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுக்க வேண்டும். அரசு மானியம் இருக்கிறது, ஆனால் வங்கிக் கடனோடு சேர்ந்துதான் வரும்.

என் யோசனை, முதல் வருடம் கூலிக்கு மட்டும் ஆட்டுவது, ஆட்ட வருகிறவர்களிடமே புண்ணாக்கை வாங்கி நான்கு ஆடு வளர்ப்பது. நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டு. செக்குக்குக் குறையும் 50,000 மட்டும் உங்களிடம் வாங்கிக்கொண்டு இப்படியே தொடங்கட்டுமா? இல்லை, இந்தத் தையிலேயே பத்து மூட்டை பருப்பு வாங்கிப் போட இன்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்புவீர்களா? உங்கள் கடையில் எண்ணெய்ச் சரக்கு எத்தனை நாள் தேங்கும் என்பதையும் எழுதுங்கள்.

அத்தையையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். அம்மா இன்னமும் ஆடு, ஆடு என்றுதான் சொல்கிறாள். அவளிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

உங்கள் மருமகன்