தோசைக்கல்லுக்கு விவரம் எழுத ஆள் வைத்து ₹14,000 விட்ட கதை

ஆன்லைனில் பொருள் விற்கிறவர்கள், அதிலும் இப்போதுதான் கடை திறந்தவர்கள், பொருள் விவரம் எழுத யாருக்காவது காசு கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த ஆளின் பெயரைப் போடவில்லை. ஆனால் எப்படி ஏமாந்தேன் என்பதை முழுசாகச் சொல்கிறேன்.

நான் விற்பது வார்ப்பிரும்புச் சாமான்கள். தோசைக்கல், பணியாரக்கல், கடாய் என்று எல்லாம் கோயம்புத்தூர்ப் பக்கத்து பவுண்டரியில் வார்த்து வருபவை. முன்பு என் லிஸ்டிங்கில் 'இரும்பு தோசைக்கல், 12 இன்ச்' என்ற ஒரே வரிதான் இருக்கும். ஆடித் தள்ளுபடிக்கு முன் ஒழுங்குபடுத்தலாம் என்று நினைத்தபோது, தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். ஒரு பொருளுக்கு ₹350 வீதம் 40 பொருளுக்கு ₹14,000, முழுப் பணமும் முன்கூட்டியே. நாலே நாளில் எழுதி அனுப்பிவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பொருளை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கவில்லை. எடை எவ்வளவு என்று கேட்கவில்லை. யாராவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா, ஏன் அனுப்பினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

12 இன்ச் கல்லுக்கு அவர் எழுதியது இது:

"உங்கள் சமையலறையின் ராணி! பாட்டி காலத்துப் பாரம்பரியச் சுவை. பிரீமியம் தரம். இயற்கையான நான்ஸ்டிக். துருப்பிடிக்காதது. கேஸ், இண்டக்‌ஷன் எல்லாவற்றுக்கும் ஏற்றது. வாங்கிய உடனே சமைக்கலாம்."

படிக்க நன்றாகத்தான் இருந்தது, நானும் ஏமாந்தேன். பணியாரக்கல்லின் விவரத்தைப் பார்த்தால் அதே ராணி, அதே பாட்டி! பிறகு இரண்டு வரிகளைத் தேடிப் பார்த்தேன். வேறொருவர் விற்கிற, எண்ணெய் போட்டுப் பழக்கியே அனுப்புகிற கல்லின் விவரத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். என் கல் பழக்காத கல். 'உடனே சமைக்கலாம்' என்பது அந்தக் கல்லுக்கு உண்மை, என் கல்லுக்குப் பொய்.

அந்த மாதம் 12 இன்ச் கல் 52 போனது, 13 திரும்பி வந்தது. போக வர கூரியரும் புது அட்டைப்பெட்டியுமாக ஒன்றுக்கு ஏறக்குறைய ₹300 கைவிட்டுப் போனது. ஒரு தடவை மாவு ஊற்றின கல்லைப் புதுசு என்று மறுபடி விற்கவும் முடியாது. 'நீங்கள் சரியாகப் பழக்கவில்லை' என்று வாங்கியவரிடம் வாதாடவும் வழியில்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. எழுதியவர் யாராக இருந்தாலும், விற்பவர் நான்தானே.

அவரிடம் கேட்டபோது, "என் வேலை எழுதுவது, ரிட்டர்னுக்கு நான் பொறுப்பில்லை" என்றார். திருத்தித் தர ஒரு பொருளுக்கு ₹100 கூடுதலாம். அதோடு அவரை விட்டுவிட்டு, திரும்பி வந்த 13 கல்லையும், வாட்ஸப்பில் வந்த பழைய கேள்விகளையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

ஐந்து பேர் 'ஒட்டுகிறது, கறுப்பாக வருகிறது' என்று அனுப்பியிருந்தார்கள். மூன்று பேருக்குக் கல் சின்னதாக இருந்தது. இதில் தப்பு என்னுடையதுதான். பவுண்டரிக்காரர் ஒரு காதிலிருந்து மறு காது வரை அளந்து 12 என்பார், நானும் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். டேப் வைத்து அளந்தால் தோசை வார்க்கிற இடம் பத்தரை இன்ச்தான். இரண்டு பேர் கனம் தாங்கவில்லை என்றார்கள். ஒருவர் இண்டக்‌ஷனில் வைத்து, நடுவில் கருகி ஓரத்தில் மாவு வெள்ளையாக நின்ற தோசையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். வார்ப்பிரும்பு இண்டக்‌ஷனில் சூடாகும், அது பொய்யில்லை. ஆனால் அடுப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கல்லைவிடச் சின்னது. இரும்பு சூட்டை மெதுவாகத்தான் ஓரத்துக்குக் கடத்தும். மீதி இரண்டு கல் வழியிலேயே உடைந்தவை.

பிறகு நானே எழுதினேன். இப்போது லிஸ்டிங்கில் இருப்பது இது:

"தோசை வார்க்கும் பரப்பு 10.5 இன்ச். காதோடு சேர்த்து 12 இன்ச். எடை 3.1 கிலோ, ஒரு கையால் தூக்குவது சிரமம். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் எங்களுடைய 9 இன்ச் கல்லைப் பாருங்கள். இது பழக்காத கல், வந்த அன்றே தோசை எடுக்க வராது. கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி நாலு தடவை. முதல் சில தோசைகள் ஒட்டலாம், லேசாகக் கறுப்பும் வரலாம். ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். தேய்த்துக் கழுவி மறுபடி எண்ணெய் காட்டினால் சரியாகிவிடும். இண்டக்‌ஷனில் குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் வைத்த பிறகு மாவு ஊற்றுங்கள். அப்படியும் ஓரம் நடுவை விட மெதுவாகத்தான் வேகும்."

இதில் அழகு ஒன்றுமில்லை. 'ஒட்டும், துருப்பிடிக்கும்னு நீயே எழுதினா எவன் வாங்குவான்?' என்று வீட்டில் திட்டும் விழுந்தது. விற்பனை குறைந்ததும் உண்மை, அடுத்த மாதம் 41 தான். தள்ளுபடி முடிந்ததும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் திரும்பி வந்தது 4. அதில் இரண்டு உடைசல். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் விண்டு போகும். அதற்கு எத்தனை வரி எழுதினாலும் பயனில்லை, பெட்டிக்குள் நாலு மூலைக்கும் தெர்மாகோல் வைத்தால்தான் ஆகும்.

மூன்றாவது ரிட்டர்ன் மறுபடியும் 'சின்னதாக இருக்கிறது'. எழுதியிருக்கிறேனே என்று கோபம் வந்தது. போனில் நம் பக்கத்தைத் திறந்து பார்த்தால், படத்துக்குக் கீழே இரண்டு வரி, அப்புறம் 'மேலும் படிக்க' என்ற பட்டன். அளவு அதற்குள் ஒளிந்திருந்தது. இப்போது அளவும் எடையும் முதல் வரியில். இரண்டாவது படமே கல்லின் மேல் டேப் வைத்து எடுத்தது, பக்கத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. அதற்குப் பிறகு அளவுக்காக ஒரு கல்கூடத் திரும்பவில்லை.

ஆள் வைத்து எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரமில்லாதவர்கள் வைக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் ஒரே ஒரு பொருளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், அதுவும் நிறையத் திரும்பி வருகிற பொருளாகப் பார்த்து. பொருளை அனுப்பு, ரிட்டர்ன் காரணங்களைக் காட்டு என்று அவரே கேட்கிறாரா பாருங்கள். எழுதித் தந்ததில் பொருளின் பெயரை மட்டும் மாற்றி, கடாய் என்று போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்தினால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

என் ₹14,000 வரவில்லை, இனி வரப்போவதுமில்லை. போன வாரம் விற்பனையாளர்கள் இருக்கிற ஒரு குரூப்பில் அதே ஆள் விளம்பரம் போட்டிருந்தார். மாதிரிக்கு என் தோசைக்கல் விவரத்தை, அந்த ராணியைத்தான், வைத்திருக்கிறார். விலை இப்போது ₹400.