பெயர் ஒட்டாத போத்தலில் வந்த வாந்தி மருந்து: கைக்குழந்தை இருக்கும் வீட்டார் கவனத்துக்கு

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ பக்கம் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளை பால் கக்குகிறது என்று போனால், "அசிட் மேல ஏறுது" என்று சொல்லி போத்தலில் மருந்து ஊற்றிக் கொடுக்கிற தனியார் டிஸ்பென்சரிகள் நம் டவுன்களில் இருக்கின்றன. அப்படி ஒன்றில் வாங்கிய மருந்தால் எங்கள் மகன் ஆஸ்பத்திரியில் படுத்தான். இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது அவனுக்கு மூன்று மாதம், நிறை 5 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான். குடித்து முடித்ததும் வாயோரமாக வழியும், சில வேளை தோளெல்லாம் நனையும். கக்கிவிட்டுச் சிரிப்பான். கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. "கக்குற புள்ள தக்கும், விடுங்க" என்று அம்மாயி சொன்னார். ஆனால் மனைவி மறுபடி கொழுந்துக்குப் போகும் நாள் நெருங்கியது. பிள்ளைக் காம்பராவில் விடுவதற்கு முன்னால் ஒருமுறை காட்டிவிடலாம் என்று டவுனுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்தவர் பிள்ளையை நிறுக்கவில்லை. கிளினிக் புத்தகத்தை நீட்டினோம், திறக்கவும் இல்லை. "இப்பவே மருந்து குடுக்காட்டி தொண்டையெல்லாம் புண்ணாயிடும்" என்றார். ஒரு பழுப்பு போத்தலில் வெள்ளைப் பாணி, கூடவே மடித்த கடதாசிப் பொட்டலங்களில் தூள். உறையின் மேல் பேனையால் "1 தே.க. × 3" என்று இருந்தது. மருந்தின் பெயர் எங்கேயும் இல்லை. வாங்கிய காசு ஒரு நாள் பேரை விட அதிகம்.

கக்கல் குறையவில்லை. திரும்பப் போய்ச் சொன்னதற்கு, தூளை இரண்டு வேளையாக்கினார். பிள்ளை முன்னைப் போல விளையாடாமல் தூங்கி வழிந்தான், எழும்பினால் அடங்காத சிணுங்கல். பிறகு ஒரு பின்னேரம் கழுத்து பின்பக்கம் இழுத்துக்கொண்டு கண் மேலே சொருகியது. 1990க்கு அடித்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம்.

சிறுவர் வார்டில் டொக்டர் மிஸ் முதலில் கேட்டது, என்ன மருந்து என்றுதான். போத்தலை மோந்து பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயர் இல்லாததை அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? டிஸ்பென்சரிக்குப் பல தடவை அழைத்த பிறகுதான் பாணி வாந்தியை நிறுத்தக் கொடுக்கிற டொம்பெரிடோன், தூள் வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் என்று வாயைத் திறந்தார்கள். அந்த நேரமெல்லாம் பிள்ளை கட்டிலில் விறைத்துக்கொண்டு கிடந்தான். இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

கணக்கை டொக்டர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். டொம்பெரிடோன் பாணி வழக்கமாக 1 மில்லிலீட்டரில் 1 மில்லிகிராம். கைக்குழந்தைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. 5 கிலோ பிள்ளைக்கு 1.25 மில்லிலீட்டர். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீட்டர். அதாவது வேளைக்கு நாலு மடங்கு, அதுவும் நாளுக்கு மூன்று முறை. கைக்குழந்தையின் மூளைக்குள் இந்த மருந்து இறங்குவதைத் தடுக்கிற திரை இன்னும் முதிர்ந்திருக்காது. அதனால் தூக்கமும் சிணுங்கலும் வரலாம், கழுத்தும் கண்ணும் இழுக்கலாம். இதயத் துடிப்பின் ஒழுங்கையும் இது குழப்பக்கூடும் என்பதால் ஈசிஜி எடுத்தார்கள். நல்ல வேளை, அதில் குறையில்லை. மருந்தை நிறுத்தி வார்டில் வைத்துப் பார்த்தார்கள், இழுப்பு அடங்கியது. பிரித்தானியாவில் 2019 கடைசியில் இந்த மருந்தை 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் வாந்திக்குக் கொடுக்கும் அனுமதியையே எடுத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது பலன் தரவில்லை என்பதே காரணம்.

தூளின் கதை வேறு. 20 மில்லிகிராம் கெப்சியூலைத் திறந்து, உள்ளே இருந்த மணிகளை அரைத்து, நாலு பொட்டலமாக்கியிருக்கிறார்கள். ஒமெப்ரசோல் வயிற்று அமிலம் பட்டால் கெட்டுப்போகிற சாமான். அதற்காகத்தான் ஒவ்வொரு மணிக்கும் மேலே பூச்சு. அரைத்தால் பூச்சு போய்விடும், பிள்ளையின் உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த வயதுக்கு வழக்கமாகத் தொடங்கும் அளவு கிலோவுக்கு 0.7 முதல் 1 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை. அந்தக் கணக்கில் ஒரு பொட்டலமே எங்கள் பிள்ளைக்கு உச்ச அளவு. அதைத்தான் இரட்டிப்பாக்கினார்.

எனக்குப் பெரிய அதிர்ச்சி, டொக்டர் அடுத்துச் சொன்னது. சரியான அளவில் கொடுத்திருந்தாலும் கக்கல் நின்றிருக்காதாம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை இந்த வயதில் அடிக்கடி தளர்ந்து திறக்கும், பால் மேலே வரும். அமிலத்தைக் குறைக்கிற மருந்து அந்தத் தசையை இறுக்காது. வெளியே வருகிற பாலில் புளிப்புக் குறையும், அவ்வளவுதான். பால் குடித்த கொஞ்ச நேரத்துக்கு வயிற்றில் புளிப்பே குறைவு, பால் அதை ஆற்றிவிடும். கக்கல் நாலாம் மாதம் அளவில் உச்சத்துக்குப் போய், பிள்ளை உட்காரவும் நிற்கவும் பழகும்போது தானாகக் குறையும். ஒரு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நின்றுவிடும்.

2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வைப் பற்றியும் சொன்னார். ஒமெப்ரசோலின் இனத்தைச் சேர்ந்த லான்சோபிரசோலை, பால் குடித்ததும் அழுகிற 162 குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள், மற்றப் பாதிக்கு வெறும் போலி மருந்து. இரண்டு பக்கமும் 54 வீதம் பிள்ளைகள்தான் தேறினார்கள். ஆனால் கடுமையான பக்கவிளைவு மருந்து குடித்தவர்களில் 10 பேருக்கு, மற்றப் பக்கம் 2 பேருக்கு. அதில் முக்கியமானது நெஞ்சுச் சளி, நிமோனியா போன்ற தொற்று. வயிற்று அமிலம் கிருமியைக் கொல்கிற காவல். அதை மாதக்கணக்கில் அடக்கினால் வயிற்றோட்டமும் நெஞ்சுத் தொற்றும் எளிதில் வரும். நம் லயங்களில், பனியும் விறகடுப்புப் புகையும் நிறைந்த அறையில் வளர்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

மருந்து தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு. உணவுக்குழாய் உண்மையாகப் புண்பட்ட பிள்ளைக்கு, சிறுவர் நிபுணர் பார்த்து, 4 முதல் 8 வாரம் கொடுத்துவிட்டு மறுபடி பார்ப்பார். நிறை ஏறாவிட்டால், பால் குடிக்கவே மறுத்தால், கக்கலில் இரத்தம் தெரிந்தால் நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டும். வாந்தி பச்சையாக வந்தால், அல்லது முதல் இரண்டு மூன்று மாதத்தில் ஒவ்வொரு முறையும் பீச்சியடித்தால், அது அசிட் இல்லை. குடலிலோ இரைப்பையின் கீழ்வாயிலோ அடைப்பு இருக்கலாம், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றபடி எங்களுக்குச் சொன்னது: ஒரேயடியாக வயிறு முட்டக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், குடித்தபின் அரை மணி நேரம் நிமிர்த்தித் தோளில் போடுங்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான், கக்குகிறான் என்று குப்புறப் போடாதீர்கள், தலையணையும் வைக்காதீர்கள். மகன் அதற்குப் பிறகும் கக்கினான், நிறையும் ஏறினான்.

யாராவது இப்படி மருந்து தந்தால் மருந்தின் பெயர், ஒரு மில்லிலீட்டரில் எத்தனை மில்லிகிராம், இந்தப் பிள்ளையின் நிறைக்கு எத்தனை மில்லிலீட்டர், எத்தனை நாளைக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் காசு கொடுக்காமல் எழுந்து வாருங்கள். கரண்டி வேண்டாம், பாமசியில் மில்லிலீட்டர் கோடு போட்ட ஊசியில்லாத சிரிஞ்ச் கிடைக்கும். பெயரில்லாத போத்தல் ஏற்கனவே வீட்டில் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். உறையோடு எடுத்துக்கொண்டு பிள்ளையையும் கிளினிக் புத்தகத்தையும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். எங்கள் போத்தலை சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் எழுத்து முறைப்பாட்டோடு கொடுத்திருக்கிறோம். அதே டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிய வேறு பெற்றோர் இருந்தால், நீங்களும் உறையைக் கொண்டுபோய் அங்கே கொடுங்கள்.