பிட்காயின் ஏறவே இல்லை, ஆனால் என் ஸ்டாப் அடித்துவிட்டது: BTC/USDC-யில் டிரேட் பண்ணுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இது 2023 மார்ச் கதை. யூஎஸ்டிசி என்பது எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்கும்படி வெளியிடப்படும் ஸ்டேபிள்காயின், BTC/USDC என்பது பிட்காயினை அந்தக் காயினில் வாங்கி விற்கும் ஜோடி. அன்று போன பணத்தை மறந்தாயிற்று, ஆனால் போன வாரம் புதிதாக டிரேடிங்கில் இறங்கிய ஒரு தம்பி, "அண்ணா, யூஎஸ்டிசியும் டாலரும் ஒன்றுதானே, எந்த ஜோடியில் ஸ்டாப் போட்டால் என்ன?" என்று கேட்டான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால் எழுதுகிறேன். எக்ஸ்சேஞ்ச் பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். இதே அமைப்பில் ஓடும் எக்ஸ்சேஞ்ச்கள் நிறைய இருக்கின்றன.

மார்ச் 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்ட நாள். சந்தை முழுக்கப் பயம், பிட்காயின் 20,000 டாலர் பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருந்தது. இன்னும் விழும் என்று நினைத்து, யூஎஸ்டிசியை மார்ஜினாக, அதாவது ஈடாக வைத்து 0.4 பிட்காயின் கடன் வாங்கி, விலை குறைந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று BTC/USDC ஜோடியில் 20,100-க்கு விற்று ஷார்ட் அடித்தேன். ஸ்டாப் 21,200-ல், விலை அங்கே ஏறினால் தானாகவே திருப்பி வாங்கி ஷார்ட்டை மூடிவிடும். தப்பாகப் போனால் 440 யூஎஸ்டிசி நஷ்டம், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை, நம்மூர் நேரம் சுமார் எட்டரை மணிக்கு மேல், யூஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் ஓர் அறிவிப்பு போட்டது. தங்கள் கையிருப்பான சுமார் 4,000 கோடி டாலரில் 330 கோடி டாலர் அந்த மூடிய வங்கியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று. நான் அதைப் பார்க்கவில்லை. இட்லி சாப்பிட்டுக்கொண்டே போனை எடுத்தால் ஷார்ட் மூடப்பட்டுவிட்டதாக நோட்டிஃபிகேஷன். சார்ட்டைத் திறந்தேன், பெரிய பச்சைக் கேண்டில், 23,000-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பிட்காயின் ஒரே மூச்சில் 14 சதவீதம் ஏறிவிட்டதா? வங்கிகள் விழுவதால் எல்லாரும் பிட்காயினுக்கு ஓடுகிறார்கள் போல என்று நானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து, சரி, நம் கணிப்பு தப்பு என்று வாயை மூடிக்கொண்டேன். திரும்ப லாங் போகலாமா என்றுகூட யோசித்தேன். அதைச் செய்யாமல் விட்டது மட்டும்தான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

பத்து நிமிடம் கழித்து வேறொரு எக்ஸ்சேஞ்சில் நிஜ டாலர் ஜோடியைப் பார்த்தேன். BTC/USD அங்கே 20,200. ஏறவே இல்லை.

ஏறியது பிட்காயின் இல்லை, விழுந்தது யூஎஸ்டிசி. BTC/USDC விலை என்பது பிட்காயினின் டாலர் விலையை யூஎஸ்டிசியின் டாலர் விலையால் வகுத்தால் வருவது. யூஎஸ்டிசி சரியாக ஒரு டாலராக இருக்கும்வரை வகுப்பதும் வகுக்காததும் ஒன்று, அதனால் கீழே ஒரு எண் இருப்பதே நமக்கு மறந்துபோகிறது. அன்று அது 88 சென்ட் வரை விழுந்தது. 20,200-ஐ 0.88-ஆல் வகுத்துப் பாருங்கள், 22,950 சொச்சம் வரும். என் சார்ட்டில் இருந்த 'பிரேக் அவுட்' அதுதான்.

இன்னொரு வேடிக்கை. 4,000 கோடியில் 330 கோடி முழுதாகவே போனாலும் எட்டேகால் சதவீதம்தான், ஒரு காயின் சுமார் 92 சென்ட்டுக்குக் குறையக் கூடாது. ஆனாலும் 88-க்குப் போனது. காரணம், அன்று சனிக்கிழமை. யூஎஸ்டிசியைக் கொடுத்து ஒரு டாலர் வாங்கிக்கொள்ளும் வழி வங்கிகள் வழியாகத்தான் ஓடுகிறது, வங்கி திங்கட்கிழமைதான் திறக்கும். விலை குறைந்தால் வாங்கிப்போய் ஒரு டாலருக்கு மாற்றி லாபம் பார்க்கும் ஆட்கள்தான் ஒரு காயின் ஒரு டாலர் என்ற பெக்கைப் பிடித்து வைத்திருப்பவர்கள். அவர்கள் கை கட்டப்பட்ட இரண்டு நாள். காயின்பேஸ்கூட அந்த வார இறுதியில் யூஎஸ்டிசியை டாலராக மாற்றுவதை நிறுத்தி வைத்தது.

இப்போது என் ஸ்டாப்புக்கு வருகிறேன். 21,200-ல் போட்ட ஸ்டாப் எங்கே நிறைவேறியது தெரியுமா? டிரேட் ஹிஸ்டரியில் மூன்று வரி. 0.03 பிட்காயின் 21,260-ல், 0.05 பிட்காயின் 21,900-ல், மீதி 0.32 பிட்காயின் 22,960-ல். சராசரி 22,700. அந்த ஜோடியில் சாதாரண நாளிலேயே வர்த்தகம் குறைவு. சந்தை கலங்கியதும் ஆர்டர் புக்கில் வழக்கமாக நிற்பவர்கள் ஆர்டர்களை எடுத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் யூஎஸ்டிசி விழுந்து முடித்த பிறகுதான் இங்கே விலை நகர்ந்தது, நகர்ந்தபோது ஒரே தாவல். என்னுடையது ஸ்டாப் மார்க்கெட் ஆர்டர், கிடைத்த விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது.

440 நஷ்டம் என்று நினைத்தது 1,040 ஆனது. இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை பிட்காயின் நிஜமாகவே 24,000 டாலரைத் தாண்டியது. என் ஷார்ட் எப்படியும் தோற்றிருக்கும், அந்த 440 எப்படியும் போயிருக்கும். அது என் கணிப்புக்கான விலை, குறை சொல்ல மாட்டேன். மிச்சம் 600-தான் என் வயிற்றெரிச்சல்.

ஏனென்றால் நடந்ததை டாலரில் பாருங்கள். 22,700 யூஎஸ்டிசி, காயின் 89 சென்ட் என்று வைத்தால் 20,200 டாலர். நியாயமான விலைக்குத்தான் பிட்காயினைத் திருப்பி வாங்கியிருக்கிறேன். ஆனால் அதற்குக் கொடுத்தது 9,080 யூஎஸ்டிசி. அதாவது என்னிடம் கேட்காமலேயே, பயத்தின் உச்சத்தில், என் 9,080 யூஎஸ்டிசி 89 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. திங்கட்கிழமை அதிகாலை அமெரிக்க நிதித்துறையும் ஃபெடரல் ரிசர்வும் வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு தரும் எஃப்டிஐசியும் சேர்ந்து, அந்த வங்கியில் பணம் போட்டவர்களுக்கு முழுப்பணமும் கிடைக்கும் என்று அறிவித்தன. யூஎஸ்டிசி ஒரு டாலர் பக்கம் திரும்பியது. விற்காமல் வைத்திருந்தவனுக்கு நஷ்டம் இல்லை. ஸ்டாப் போட்டு 'பத்திரமாக' இருந்தவனுக்கு நஷ்டம்.

நான் பிட்காயின் விழும் என்று மட்டும் பந்தயம் கட்டியதாக நினைத்திருந்தேன். உண்மையில் யூஎஸ்டிசி நிற்கும் என்றும் சேர்த்தே கட்டியிருக்கிறேன். ஸ்டாப் இரண்டையும் பிரித்துப் பார்க்காது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அதில் எதுவும் நடக்காது. என் நண்பன் ஒருவன் பிட்காயினை வாங்கி வைத்து, அதே ஜோடியில் 19,500-ல் விற்கும் ஸ்டாப் போட்டிருந்தான். சனிக்கிழமை சார்ட் மேலே நிற்கிறது, மனுஷன் ஜாலியாக இருந்தான். யூஎஸ்டிசி 88 சென்ட்டில் இருக்கும்போது அந்த 19,500 என்பது 17,160 டாலர். பிட்காயின் நிஜத்தில் அவ்வளவு தூரம் விழுந்தால்தான் அவன் ஸ்டாப் முழித்தே பார்க்கும். விழவில்லை, தப்பித்தான். அப்புறம் உற்சாகத்தில் அதை, உச்ச விலைக்கு 7 சதவீதம் கீழே கூடவே ஏறி நிற்கும் டிரெய்லிங் ஸ்டாப்பாக மாற்றினான். உச்சம் 23,000, எனவே ஸ்டாப் 21,390-க்கு ஏறி நின்றது. யூஎஸ்டிசி 96 சென்ட்டுக்கு மீண்டதும், பிட்காயின் 20,500 டாலரில் அசையாமல் இருக்கும்போதே, ஜோடி விலை 21,350-க்கு இறங்கி ஸ்டாப் அடித்தது. காயின் குணமானதற்குத் தண்டனை! அடுத்த இரண்டு நாள் ஏற்றத்தை வெளியே நின்று பார்த்தான்.

எக்ஸ்சேஞ்ச் மேல் எனக்குள்ள கோபம் வேறு. யூஎஸ்டிசி விழுந்தது அவர்கள் குற்றமில்லை. ஆனால் அவர்கள் ஆப்பில் அந்த ஜோடியின் விலைக்கு முன்னால் டாலர் குறி போட்டிருந்தார்கள். 23,000 என்ற எண்ணை டாலர் என்று படித்துத்தான் நான் ஏமாந்தேன். என் கணக்கின் மொத்த மதிப்பையும் ஒரு யூஎஸ்டிசி ஒரு டாலர் என்றே அன்று முழுக்கக் காட்டினார்கள், வெளியில் 88-க்குப் போய்க்கொண்டிருக்கும்போது. ஸ்டாப்பைத் தூண்டுவதற்கு அந்த ஒல்லியான ஜோடியின் கடைசி வர்த்தக விலையையே எடுத்தார்கள். புகார் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து, "உங்கள் ஆர்டர் விதிமுறைப்படி நிறைவேற்றப்பட்டது" என்று ஒரு வரி. விதிமுறையைத் தேடிப் படித்தேன், உண்மைதான், கடைசி வர்த்தக விலை என்று எழுதியிருக்கிறது. டாலர் குறியைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

இப்போது நான் செய்வது இது. ஸ்டேபிள்காயின் ஜோடி சார்ட் எதையும் தனியாகப் பார்ப்பதில்லை. டிரேடிங்வியூவில் இரண்டு விலையைப் பெருக்கிப் போடலாம், இப்படி:

```
BINANCE:BTCUSDC*KRAKEN:USDCUSD
```

இது `COINBASE:BTCUSD` கோட்டோடு ஒட்டிப் போனால் ஏற்ற இறக்கம் பிட்காயினுடையது. வெறும் BTCUSDC மட்டும் தனியே விலகிப் போனால் ஆடுவது காயின். `KRAKEN:USDCUSD` 0.995-க்குக் கீழே போனால் அடிக்கும்படி ஓர் அலர்ட்டும் வைத்திருக்கிறேன். அந்த அலர்ட்டை யூஎஸ்டிசி/யூஎஸ்டிடி ஜோடியில் வைக்காதீர்கள், யூஎஸ்டிடியும் இன்னொரு ஸ்டேபிள்காயின்தான். அந்த வார இறுதியில் எல்லாரும் யூஎஸ்டிடிக்கு ஓடியதில் அது ஒரு டாலருக்கு மேலேயே போனது, அளவுகோலே நீண்டால் என்ன அளப்பது? டாய் என்ற மற்றொரு ஸ்டேபிள்காயினுக்கு ஓடியவர்கள் பாடு இன்னும் மோசம். டாய்க்கு ஈடாக இருந்ததில் பெரும்பகுதி யூஎஸ்டிசி, அதனால் அதுவும் கூடவே 90 சென்ட்டுக்குக் கீழே போனது.

அலர்ட் அடித்தால் அந்த ஜோடியில் உள்ள ஸ்டாப்களை எடுத்துவிட்டு, நிஜ டாலர் ஜோடி உள்ள இடத்தில் பொசிஷனைப் பார்க்கிறேன். எடுத்துவிட்டால் பாதுகாப்பில்லாமல் நிற்கிறோம், அதுவும் உண்மைதான், பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். உட்கார முடியாதவர்கள், குறித்த விலையைத் தாண்டி வாங்காத ஸ்டாப் லிமிட் போடலாம். 21,200 ஸ்டாப்புக்கு 21,500 லிமிட் வைத்திருந்தால் எனக்கு அந்த 22,960 வந்திருக்காது, ஆனால் ஆர்டர் பெரும்பாலும் நிறைவேறாமல் தொங்கியிருக்கும், மார்ஜின் போதாமல் எக்ஸ்சேஞ்சே பொசிஷனை மூடும் லிக்விடேஷன் வந்திருந்தால் அதே கதைதான். ஒரே ஜோடியின் விலைக்குப் பதில் பல ஜோடிகளின் விலையைச் சேர்த்துக் கணக்கிடும் இண்டெக்ஸ் விலையில் ஸ்டாப் தூண்டும் வசதி சில இடங்களில் உண்டு. அந்த இண்டெக்ஸ் எந்த ஜோடிகளிலிருந்து கணக்காகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் யூஎஸ்டிசி ஜோடியாக இருந்தால் அதுவும் சேர்ந்தே தாவும்.

அந்த எக்ஸ்சேஞ்சின் சார்ட்டில் 23,000 வால் இன்னும் இருக்கிறது. அதன் உச்சியில் கோடு போட்டு 'ரெசிஸ்டன்ஸ்' என்று எழுதிய ஒரு ஸ்கிரீன்ஷாட்டை ஒரு டெலிகிராம் குரூப்பில் பார்த்தேன். விலைக்கு முன்னால் டாலர் குறியும் அப்படியே இருக்கிறது.